ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி

"பயப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று செல்போனில் செய்தி அனுப்புவது சுலபம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடப்பவரின் கேள்விக்கு அது பதில் ஆகாதே!

2022-ல் என் கணவருக்குப் பைபாஸ் ஆபரேஷன். முதல் நாள் ராத்திரி வார்டில் என்னைத் தங்க விடவில்லை. "கண் முழிச்சா எப்படி இருக்கும்?" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. சாயந்திரம் நர்ஸம்மா விளக்கிச் சொன்னதையே எழுதினேன்:

"முழிக்கும்போது வாயில மூச்சுக் குழாய் இருக்கும், பேச வராது. ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. நீங்களா நல்லா மூச்சு விட்டதும் எடுத்துடுவாங்க. கையைக் கட்டியிருந்தா, குழாயை இழுத்துடக் கூடாதுன்னுதான்."

எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று மட்டும் எழுதவில்லை. சிலருக்குச் சில மணி நேரத்தில் எடுப்பார்கள். சிலருக்கு மறுநாளும் ஆகலாம். சொன்ன நேரம் தப்பினால் அதுவே பயமாகிவிடும்.

கடைசியாக, "பெரியவனுக்குக் காலேஜ் பீஸ் கட்டியாச்சு. நான் ஐ.சி.யு. வாசல்லதான் இருப்பேன். பதில் போட வேண்டாம், தூங்குங்க" என்று ஒன்பது மணிக்கே முடித்துவிட்டேன். காலையில் அனுப்பலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே. தியேட்டருக்குப் போகுமுன் மோதிரம், கண்ணாடியோடு போனையும் வாங்கி நம் கையில் கொடுத்துவிடுவார்கள்.

குழாயை எடுத்தபின் அவர் கரகரத்த குரலில் சொன்னார்: "முழிச்சதும் திக்குன்னுச்சு. நீ எழுதினது ஞாபகம் வந்தது. பேசாம படுத்துட்டேன்."