காணாமல் போன பத்தொன்பது கிணறுகள்

"அண்ணா, ராத்திரி வந்த எண் காலையில வரலை" என்றாள் அந்த ஆய்வு மாணவி, போனில். 400 கிணறுகளின் தண்ணீரை எடுத்து, அதில் கரைந்திருக்கும் உப்பை அளந்து வைத்திருந்தாள். ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. முந்தின இரவு அவள் ஜூபிட்டர் நோட்புக்கில் சராசரி 838 என்று வந்திருந்தது. காலையில் கணினியைத் திறந்து எல்லாச் செல்லையும் மேலிருந்து கீழாக ஓட்டினால் 912. கோப்பு அதே கோப்பு, நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அன்று மாலை வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டிய அட்டவணையில் எதைப் போடுவது?

இரவில் சேமித்த பிரதியை வாங்கித் திறந்தேன். முதல் சந்தேகம் தற்செயல் எண்கள் மேல் விழுந்தது. ஆனால் நிரலில் எங்கும் குலுக்கல் இல்லை. அடுத்து தரவுக் கோப்பு. அது மாதக்கணக்கில் தொடப்படவில்லை. பிறகுதான் சராசரிக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த வரிசை எண்ணிக்கையைப் பார்த்தேன். இரவில் 361 கிணறுகள், காலையில் 380. சராசரி எடுக்கும் முறையில் கோளாறு இல்லை, கிணறுகளில் பத்தொன்பது குறைந்திருந்தன.

361 என்ற எண் சும்மா வராது. 400-இல் 95 சதவீதம் 380. அந்த 380-இல் 95 சதவீதம் 361. நோட்புக்கின் நடுவில் இந்த வரி இருந்தது:

```
df = df[df["tds"] < df["tds"].quantile(0.95)]
```

மிக அதிகமாக இருக்கும் மேல் ஐந்து சதவீதத்தை வெட்டி, மிச்சத்தை அதே `df` என்ற பெயரிலேயே திரும்ப வைக்கும் வரி. ஒரு தடவை ஓட்டினால் 20 கிணறுகள் போகும். இன்னொரு தடவை ஓட்டினால், ஏற்கெனவே வெட்டிய பட்டியலின் மேல் ஐந்து சதவீதமும் போகும். அதில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு தடவையும் பட்டியல் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான்.

அவள் அந்தச் செல்லை இரண்டு தடவை ஓட்டினாளா? "இல்லண்ணா, ஒரு தடவைதான்" என்று உறுதியாகச் சொன்னாள். பொய் சொல்கிற பெண் இல்லை. ஆனால் செல்களின் இடப்பக்கத்து எண்கள் வேறு கதை சொல்லின. நூலகங்களை ஏற்றும் செல்லில் `[1]`, கோப்பைப் படிக்கும் செல்லில் `[2]`. அதற்குக் கீழே வெட்டும் செல்லில் `[9]`, அதற்கும் கீழே வரைபடச் செல்லில் `[5]`, கடைசியில் சராசரியில் `[10]`. தாளில் வெட்டுதான் வரைபடத்துக்கு மேலே இருந்தது. ஓடிய வரிசையிலோ வரைபடம் முந்திக்கொண்டிருந்தது.

அந்த எண் ஒரு செல் கடைசியாக எத்தனையாவதாக ஓடியது என்பதை மட்டும் சொல்லும். முந்தைய ஓட்டத்தின் எண் அழிந்துவிடும். நாம் பார்க்கும் தாள் ஒன்று, கெர்னல் என்ற பின்னணி நிரல் நினைவில் வைத்திருக்கும் நிலை வேறு. செல்லைத் திருத்தினாலும், ஏன், அழித்தே போட்டாலும், அது உண்டாக்கிய மாறி கெர்னலில் அப்படியே கிடக்கும். 3, 4, 6, 7, 8 ஆகிய எண்கள் அந்தத் தாளில் எங்குமே இல்லை. சில, அவள் சோதித்துப் பார்த்துவிட்டு அழித்த செல்கள். மற்றவை?

தாளில் இல்லாத பதில் இன்னொரு கோப்பில் இருந்தது. கெர்னலுக்கு அடியில் இருக்கும் ஐபைத்தான், ஓட்டிய ஒவ்வொரு வரியையும் `history.sqlite` என்ற கோப்பில் எழுதிக்கொண்டே போகும். ஆனால் அது நோட்புக்கோடு பயணம் செய்யாது, ஓட்டிய கணினியிலேயே இருக்கும். அதனால் அவள் வீட்டுக்கே போய், புதிதாக ஒரு நோட்புக்கைத் திறந்து இதைத் தட்டினேன்:

```
%history -g quantile
```

வந்த பதில்:

```
41/4: df = df[df["tds"] < df["tds"].quantile(0.95)]
41/9: df = df[df["tds"] < df["tds"].quantile(0.95)]
42/3: df = df[df["tds"] < df["tds"].quantile(0.95)]
```

முதல் எண் எந்த அமர்வு, இரண்டாவது அதில் எத்தனையாவது ஓட்டம். 42 என்பது காலை அமர்வு, அதில் வெட்டு ஒரே தடவை. 41, முந்தின இரவு. நான்காவதாக ஒரு தடவை, ஒன்பதாவதாக ஒரு தடவை. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. 0.95 என்றுதான் போட்டோமா என்று பார்க்க அந்தச் செல்லுக்குப் போயிருக்கிறாள். பார்த்துவிட்டு வெளியே வர, கைப்பழக்கத்தில் ஷிஃப்டும் என்டரும்.

இவ்வளவு எளிதாக இது நடக்கும்படி நோட்புக்கை ஏன் செய்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. செல்லின் இடப்பக்கத்து எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். 2001-இல் ஃபெர்னாண்டோ பெரெஸ் அமெரிக்காவின் கொலராடோவில் இயற்பியல் ஆய்வு மாணவர். 1988-இல் வந்த மேத்தமேட்டிகாவில் உள்ளீட்டுக்கும் விடைக்கும் வரிசை எண் போடும் வழக்கம் உண்டு. அது பைத்தானிலும் வேண்டும் என்று அவர் 259 வரியில் ஒரு சிறு நிரல் எழுதினார். ஐபைத்தானின் தொடக்கம் அதுதான். அது டெர்மினலில் ஓடியது. டெர்மினலில் மேலே ஏறிப் போய்ப் பழைய வரியை அதே இடத்தில் திரும்ப ஓட்ட முடியாது. ஆகவே எண்ணின் வரிசையும் திரையின் வரிசையும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன.

2011 டிசம்பரில் ஐபைத்தான் நோட்புக் வந்தது. 2014-இல் ஜூபிட்டர் என்ற பெயரில் அது தனித் திட்டமானது. எண் டெர்மினலிலிருந்து தாளுக்கு இடம் மாறியது. தாளிலோ எங்கே வேண்டுமானாலும் போய் எதையும் ஓட்டலாம். என் கணிப்பில் சிக்கல் பிறந்த இடம் இதுதான். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் ஆய்வாளர்கள் நோட்புக்கை விரும்பினார்கள் என்பதையும் மறுக்க முடியாது. பெரிய கோப்பை ஒரு தடவை ஏற்றிவிட்டு, வரைபடத்தை மட்டும் இருபது தடவை திருத்தி ஓட்ட அது வசதியான வழி.

2018-இல் நியூயார்க்கில் ஜூபிட்டருக்கென்றே நடந்த மாநாட்டில், தனக்கு நோட்புக்குகள் பிடிக்காது என்று ஜோயல் கிரஸ் என்பவர் மேடையேறிச் சொன்னார். வரிசை மாறி ஓடும் செல்கள் அவருடைய முக்கியக் குறைகளில் ஒன்று. அடுத்த ஆண்டு பிமென்டல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கிட்ஹப்பிலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஓட்டிப் பார்க்கக்கூடியவற்றை ஓட்டியபோது பிழையில்லாமல் முடிந்தவை 24.11 சதவீதம். முன்பு பதிவான அதே விடையைத் தந்தவை 4.03 சதவீதம். எல்லாப் பழியும் செல் வரிசையின் மேல் இல்லை. நூலகங்கள் இல்லாமல் நின்றவை ஏராளம். ஆனால் அடிக்கடி வந்த பிழைகளில் `NameError`-உம் ஒன்று. அதுவரை வரையறுக்கப்படாத பெயரைத் தேடும்போது வரும் பிழை அது. அழித்த செல் விட்டுப்போகும் வழக்கமான தடயம்.

மாணவியின் நோட்புக்கில் மாற்றியது ஒரே ஒரு பெயர்.

```
kept = df[df["tds"] < df["tds"].quantile(0.95)]
```

இனி அந்தச் செல்லைப் பத்துத் தடவை ஓட்டினாலும் 380 கிணறுகள்தான், ஏனென்றால் `df` தொடப்படுவதே இல்லை. கீழே வரும் செல்கள் `kept`-ஐப் படிக்கும்படி திருத்தினோம். பிறகு `Restart Kernel and Run All Cells`. எண்கள் 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்காக இறங்கின, சராசரி 912.

தேய்ந்து போயிருந்த 19 கிணறுகளைத் தனியே எடுத்துப் பார்த்தோம். அவற்றின் சராசரி 2,320-ஐ ஒட்டி இருந்தது. எந்தக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது என்பதுதான் அவள் ஆய்வின் கேள்வியே. கொஞ்ச நேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ முதல்ல வெட்டின இருபதை மட்டும் ஏன் வெட்டணும்?" என்றவள், மேலே போய் அந்த வெட்டும் செல்லையே நீக்கி, கீழே `kept` வந்த இடங்களில் `df` என்று மாற்றிவிட்டு, கெர்னலை மறுபடியும் தொடங்கினாள்.