எண்பது அழைப்புகளும் அப்பாவின் பெயரும்

என் சித்தியின் மகன் வேலை தேடத் தொடங்கியதும், தொழில்முறைத் தளம் ஒன்றில் ஒரே இரவில் எண்பது பேருக்குத் தொடர்பு அழைப்பு அனுப்பினான். இரண்டு நாளில் அழைப்பு அனுப்பும் வசதி நின்றுவிட்டது.

"அண்ணா, நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லையே!" என்றான்.

உண்மைதான். ஆனால் தளத்துக்கு அவன் மனம் தெரியாது. எவ்வளவு வேகமாக அனுப்பினான், எத்தனை பேர் பதில் சொல்லாமல் விட்டார்கள், எத்தனை பேர் 'இவரைத் தெரியாது' என்றார்கள் என்பதுதான் தெரியும்.

இந்தத் தடை பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக நீங்கும். அதற்குள் Sent பட்டியலில் தேங்கிய அழைப்புகளை Withdraw செய்தோம். திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. அதனால் அவனுக்கு நேரில் தெரிந்தவர்களை மட்டும் விட்டுவைத்தோம்.

பிறகு அடையாளச் சோதனை வந்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். ப்ரொஃபைலில் இருந்ததோ நண்பர்கள் கூப்பிடும் சுருக்கப் பெயர். நம் வீடுகளில் இது சாதாரணம். சரிபார்ப்பவருக்கு இரண்டு வேறு ஆட்கள். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி மாற்றிய பிறகே படத்தை அனுப்பினோம்.

கடைசியாக வேலை வரலாறு. ஒரே மாதங்களில் மூன்று நிறுவனங்களில் முழுநேர வேலை என்று போட்டிருந்தான். உண்மையில் சம்பளம் கொடுத்தது ஒரு ஒப்பந்த நிறுவனம். மற்ற இரண்டும் அதன் வாடிக்கையாளர்கள். என்னைப் போன்ற ஆலோசகர்கள் எழுதுவதுபோல, சம்பளம் தந்தவரை முதலாளியாகவும், மற்றவர்களை அதன் கீழே திட்டங்களாகவும் எழுதினோம். இப்போது திகதிகள் மோதவில்லை. வேலை தருபவர் விசாரித்தாலும் அதே பதில்தான் கிடைக்கும்.