அதிகாரப் பத்திரத்தில் விடுபட்ட வரி

துபாயில் பணிபுரியும் ஒருவர், தம் பெங்களூரு வீட்டுக்கடனைக் கவனிக்க அக்காவுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ‘மாதத் தவணை செலுத்த’ என்பதே அதில் இருந்த அதிகாரம். இடையில் ஒரு தவணை தவறியபோது தாமதக் கட்டணம் தம்பியின் பெயரிலேயே விழுந்தது. முகவரை நியமிப்பதால் கடனாளியின் பொறுப்பு மாறுவதில்லை. கடன் தீர்ந்ததும், வீட்டின் மூலப்பத்திரங்களை அக்காவிடம் தர வங்கி மறுத்தது. கடுமையாகத் தோன்றினாலும் அது சரியே: பத்திரம் சொல்லாததை முகவர் செய்ய இயலாது. முன்கூட்டியே கடனடைத்தல், ஆவணங்களைத் திரும்பப் பெறுதல் போன்றவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டிருக்க வேண்டும். தம்பி இந்தியத் துணைத் தூதரகத்தில் புதிய பத்திரத்தில் கையொப்பமிட்டு, சான்றொப்பம் பெற்று அனுப்பினார். அத்தகைய பத்திரம் இந்தியா வந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் (பலர் மறப்பது இதைத்தான்). அக்கா இரண்டாம் மாதமே செலுத்தி, மூலப்பத்திரங்களைப் பெற்றுவந்தார்.