எதிர்பார்த்து நிற்கிறோம்

மூன்றாம் வருசத்தில் எங்களுக்கு இன்டர்ன்ஷிப் கட்டாயம். 2025 ஜூன் 20 இற்குள் ஏதாவதொரு நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தைப் பீடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மே நடுப்பகுதியில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் போட்டோம். கடைசி வரி இது: "தங்களது சாதகமான பதிலை ஆவலுடன் எதிர்பார்த்து நிற்கிறோம்." ஓ எல் பரீட்சையில் புள்ளி வாங்கித் தந்த வரி.

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. எங்களில் ஒருத்தியின் அக்கா ஒரு அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர். ஃபோனை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா இதை வாசிச்சிட்டு நான் இப்ப என்ன செய்யவேணும்? எதிர்பார்க்கிறம் எண்டால், சரி, எதிர்பாருங்கோவன்."

அப்போதுதான் விளங்கியது. எங்களுக்குப் பதில் எழுத அவர்தான் நாள் தேடி, நேரம் யோசித்து, எங்களுக்கு அது சரிவருமா என்றும் கேட்க வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால் மெயில் கீழே போய்விடும்.

முதலில் "10 ஆம் திகதி செவ்வாய் வருகிறோம், 6 ஆம் திகதிக்குள் பதில் தரவும்" என்று மாற்றினோம். அக்கா இரண்டையும் வெட்டினார். வருகிறோம் என்பது கேட்பதல்ல, அறிவிப்பது. அவர்களுக்குக் கெடு வைக்கும் இடத்திலும் நாங்கள் இல்லை. அதைவிட, 10 ஆம் திகதி பொசன் போயா, அலுவலகம் பூட்டு.

ஜூன் 4 இல் போன முடிவு இப்படி இருந்தது:

"இது பற்றி 15 நிமிடம் நேரில் பேச விரும்புகிறோம். ஜூன் 11 புதன் அல்லது 12 வியாழன், பிற்பகல் 2 மணிக்குப் பின் தங்களுக்கு வசதிப்படுமா? பீடத்தில் கடிதம் ஒப்படைக்கும் இறுதி நாள் ஜூன் 20. தங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஜூன் 9 திங்கள் காலை 10 மணியளவில் அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்கிறோம்."

கேள்வி ஒன்றுதான். "வியாழன்" என்று ஒரு சொல்லில் பதில் போடலாம். கிழமையோடு திகதியும் இருப்பதால் எந்த வியாழன் என்ற குழப்பமில்லை. பதில் வராவிட்டாலும் அடுத்த அடி எங்கள் கையில். விளம்பரத்தில் அழைக்க வேண்டாம் என்று இருந்தால் மட்டும், அழைப்புக்குப் பதிலாக மீண்டும் எழுதுகிறோம் என்று போட வேண்டும்.

எழுதினால் செய்யவும் வேண்டும். 9 ஆம் திகதி பயந்து பயந்து அழைத்தோம். "இந்த வருசத்துக்கு ஆக்கள் எடுத்தாச்சு தங்கச்சி" என்றார்கள். கவலைதான். ஆனால் இன்னும் 11 நாள் இருந்தது. அன்றே வேறோர் இடத்துக்கு, நாட்களை மட்டும் மாற்றி, அதே முடிவோடு அனுப்பினோம். மறுநாள் போயா. புதன் காலை ஒரு வரி வந்தது: "16 திங்கள் வாங்கோ."

18 ஆம் திகதி கடிதத்தைப் பீடத்தில் கொடுத்தோம். "எதிர்பார்த்து நிற்கிறோம்" என்றே இருந்திருந்தால், அந்த "இல்லை"கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.