டொலரில் வேலை கேட்டு எழுதும் கடிதம்

ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது அப்வர்க் போன்ற தளங்களில் வேலை தேடுகிறார்கள். பாடசாலையில் ஆங்கிலமும் ஐ.சி.ரி.யும் படிப்பிக்கிற நாங்கள் இருவரும் பின்னேரங்களில் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் அனுப்பிய விண்ணப்பக் கடிதங்களைப் பார்த்து வருகிறோம். பெரும்பாலானவை ஒரே கடிதம்தான். "ஐயா, நான் கடின உழைப்பாளி, நேரத்துக்கு முடித்துத் தருவேன், மிகக் குறைந்த விலைக்குச் செய்வேன்." பெயரை மாற்றாமல் இருபது இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

அந்த இருபது கடிதமும் சும்மா போவதில்லை. அப்வர்க்கில் ஒவ்வொரு கடிதத்துக்கும் "கனெக்ட்ஸ்" கொடுக்க வேண்டும். ஒரு கனெக்ட் 15 சதம், அதாவது 0.15 டொலர். எத்தனை வேண்டும் என்பது வேலைக்கு வேலை மாறும். ஒரு வேலைக்கு 12 என்று வைத்தால் கடிதம் ஒன்றுக்கு 1.80 டொலர். இருபதுக்கு 36 டொலர். டொலரை 300 ரூபாயாக எடுத்தால் 10,800 ரூபாய். வாப்பாவிடம் வாங்கிய காசு அது. ஆகவே இருபது கடிதத்தை விட்டுவிட்டு, ஒன்றைச் சரியாக எழுதுவது எப்படி என்று ஓர் உண்மையான கடிதத்தை வைத்தே சொல்கிறோம்.

எங்களிடம் படித்த ஒரு மாணவி, கலைப்பிரிவு, ஆங்கிலமும் தமிழும் நன்றாக வரும். அவள் பார்த்த விளம்பரம் கனடாவின் டொரொண்டோவிலிருந்து வந்தது. வாடகை வீட்டில் இருப்போருக்கான கையேடு ஒன்று, 6,000 ஆங்கிலச் சொற்கள், தமிழாக்க வேண்டும். முதல் இரண்டு பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். (கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. எல்லோருக்கும் விளங்குவதற்காக இங்கே தமிழில் தருகிறோம்.)

முதலில் அந்த இரண்டு பக்கத்தையும் வாசிக்கச் சொன்னோம். வேலை தருபவருடைய திரையில் எல்லாக் கடிதங்களும் வரிசையாக நிற்கும். திறக்காமல் பார்த்தால் முதல் இரண்டு வரி மட்டுமே தெரியும். அந்த இரண்டு வரியில் "நான் இலங்கையிலிருந்து" என்று தொடங்கினால் இடம் வீணாகிவிடும். அவருடைய வேலையைப் பற்றித்தான் அங்கே எழுத வேண்டும்.

வாசித்ததில் ஒரு விடயம் அகப்பட்டது. ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வாடகை வைப்புத் தொகை ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. அதுவும் குடியிருப்பவர் வெளியேறும் கடைசி மாத வாடகைக்குத்தான் போகும். வீடு பழுதானால் கழிக்கலாம் என்று பணம் வாங்கி வைக்க முடியாது. இதை எங்கள் ஊர் வழக்கில் "அட்வான்ஸ்" என்று எழுதினால் என்ன ஆகும்? நாங்கள் அட்வான்ஸ் என்றால் பல மாதக் காசை மொத்தமாகக் கொடுத்து, போகும்போது திருப்பி வாங்குவதைத்தான் நினைப்போம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போய் அங்கே குடியிருப்பவர் அதை வாசித்தால், தனக்குக் காசு திரும்பி வரும் என்று காத்திருப்பார்.

ஆகவே கடிதம் இப்படித் தொடங்கியது: "உங்கள் கையேட்டில் வரும் 'கடைசி மாத வாடகை வைப்பு' என்பதை வழக்கமான தமிழ்ச் சொல்லில் போட்டால், திருப்பித் தரப்படும் பணம் என்று வாசகர் எண்ணிவிடுவார். அதை எப்படித் தீர்ப்பேன் என்பதை இணைத்த மாதிரியில் காட்டியிருக்கிறேன். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா? அதற்கேற்பச் சொற்களைத் தெரிவு செய்வேன்."

திறமை, அனுபவம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வாசித்துவிட்டு எழுதியவள் என்பது தெரிகிறது.

அடுத்தது வேலையின் எல்லை. இதைத்தான் பிள்ளைகள் எழுதுவதே இல்லை. பிறகு சண்டை வருவதும் இங்கேதான். "கையேட்டை மொழிபெயர்த்துத் தருவேன்" என்று மட்டும் எழுதினால், பக்க வடிவமைப்பும் அதற்குள் அடக்கம் என்று அவர் நினைக்கலாம். பத்துத் தடவை திருத்தம் கேட்கலாம். நடுவில் இன்னும் நான்கு பக்கம் சேர்க்கலாம். அவள் எழுதியது:

"நான் தருவது: 6,000 ஆங்கிலச் சொற்களின் தமிழாக்கம், வேர்ட் கோப்பில், உங்கள் தலைப்புகளின் ஒழுங்கிலேயே. ஒப்படைத்து ஏழு நாளுக்குள் நீங்கள் சொல்லும் திருத்தங்கள், ஒரு சுற்று. உங்கள் வடிவமைப்பாளர் பக்கம் கட்டி முடித்த பின் அந்தப் பிடிஎஃப்பை ஒரு முறை சரிபார்த்தல். இதில் அடங்காதது: பக்க வடிவமைப்பு, பின்னர் சேர்க்கப்படும் புதிய பகுதிகள். புதிய பகுதிக்கு அதே சொல் வீதம்."

பிடிஎஃப்பைப் பார்ப்பதை ஏன் சேர்த்தோம் என்று கேட்கலாம். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் எழுத்துகளை ஒட்டும்போது, மென்பொருளில் சரியான அமைப்பு போடாவிட்டால் "கொ" உடைந்துவிடும். கொம்பு ஒரு பக்கம், "க" ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். அவருக்கு அது தெரியாது, அச்சாகிவிடும். அரை மணி நேர வேலை, ஆனால் தமிழ் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடியது.

இனி விலை. "சேர், ஒரு சொல்லுக்கு ஒரு சதம் போட்டால்தானே எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"சரி மகள், கணக்குப் பார்ப்போம்" என்றோம்.

கவனமாகச் செய்கிற புதியவர் ஒருவர் மணிக்கு 250 சொல் செய்வார் என்று எடுத்தோம். 6,000 சொல்லுக்கு 24 மணி. மறுவாசிப்புக்கு 6 மணி. கேள்விகள், திருத்தச் சுற்று, பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் 4 மணி. மொத்தம் 34 மணி. சொல்லுக்கு ஒரு சதம் என்றால் 60 டொலர். தளம் அதிலிருந்து தன் கட்டணத்தை எடுக்கும். அந்த வீதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், இங்கே 10 வீதம் என்று வைப்போம். கைக்கு 54 டொலர். 34 மணியால் பிரித்தால் மணிக்கு 1.59 டொலர், அதாவது 477 ரூபாய். கரண்ட், டேட்டா, கனெக்ட்ஸ் செலவும் அதற்குள்தான்.

ஐந்து சதம் என்றால் 300 டொலர். கழிவு போக 270. மணிக்கு 7.94 டொலர். அவள் ஐந்து சதமே போட்டாள். கடிதத்தில் விலைக்கு மன்னிப்பும் கேட்கவில்லை, "பேசித் தீர்க்கலாம்" என்றும் எழுதவில்லை.

விலை வரியில் ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும்: "மூல ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு". "இன் த ஹவுஸ்" ஆங்கிலத்தில் மூன்று சொல். தமிழில் "வீட்டில்", ஒரே சொல். தமிழ் விகுதியை ஒட்டி எழுதும் மொழி என்பதால், ஆங்கிலத்தை விடத் தமிழில் சொல் எண்ணிக்கை நன்றாகவே குறைந்துவிடும். எந்த மொழிச் சொல் என்று எழுதாமல் விட்டால், வேலை முடிந்த பின் தமிழை எண்ணிக் காசைக் குறைக்க இடமிருக்கும்.

பணத்தை இரண்டு கட்டமாகக் கேட்டாள். முதல் 2,000 சொல்லுக்கு 100 டொலர், மீதி 4,000க்கு 200. அப்வர்க்கில் நிலையான விலை ஒப்பந்தம் என்றால், கட்டத்துக்குரிய பணத்தை வேலை தருபவர் முன்கூட்டியே தளத்தில் கட்டி வைப்பார். வேலையை ஒப்படைத்த பின் பார்வையிட அவருக்கு 14 நாள். பதில் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுபடும். விடுபட்டு ஐந்து நாள் கழித்துத்தான் எடுக்கலாம். ஆகவே "கட்டத்துக்குப் பணம் போடப்பட்டுள்ளது" என்று திரையில் தெரியும் வரை ஒரு வரியும் தொடங்கக் கூடாது. "ஒப்பந்தம் நாளைக்குப் போடுவேன், இன்றைக்கே ஆரம்பியுங்கள்" என்றால் நாளை வரை பொறுங்கள்.

கடைசியாக மாதிரி. "மிஸ், நான் இதுவரை யாருக்கும் செய்து கொடுத்ததில்லையே" என்றாள். அதற்காக இல்லாத அனுபவத்தை எழுதத் தேவையில்லை. இணையத்தில் கண்ட வேறொருவரின் மொழிபெயர்ப்பைத் தன்னுடையது என்று வைப்பது பொய். ஒருவர் நம்பித் தந்த கோப்பை அனுமதியில்லாமல் இன்னொருவருக்குக் காட்டுவதும் முறையல்ல. அவர்களே இணைத்த பக்கத்தில் 150 சொல் அளவுள்ள ஒரு பந்தியை எடுத்தாள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், கீழே ஒரு குறிப்பு: "அட்வான்ஸ் என்ற சொல்லைத் தவிர்த்து 'கடைசி மாத வாடகைக்கான வைப்பு' என்று எழுதி, திருப்பித் தரப்படாது, அந்த மாத வாடகையில் கழியும் என்று ஒரு முறை விளக்கியுள்ளேன்." மேலே "இந்த விண்ணப்பத்துக்காகச் செய்த மாதிரி" என்று எழுதியிருந்தாள். வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப்பாக அனுப்பச் சொன்னோம். அவருடைய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வேர்ட் கோப்பில் பெட்டி பெட்டியாகத் தெரியலாம்.

மாதிரிக்கும் எல்லை உண்டு. 150, 200 சொல் போதும். "பரீட்சைக்கு" என்று முழு அத்தியாயத்தையும் இலவசமாகக் கேட்கிறவர், பத்துப் பேருக்குப் பத்து அத்தியாயம் கொடுத்துப் புத்தகத்தையே முடித்துக்கொள்ளக் கூடும். ஒப்பந்தத்துக்கு முன்னமே வட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொன்னாலும் போக வேண்டாம். அது தளத்தின் விதிக்கும் மாறு, கணக்கையும் மூடிவிடுவார்கள். பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னால் அது வேலையே அல்ல.

கடிதம் ஆங்கிலத்தில் 200 சொல்லுக்குள் முடிந்தது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. "மற்றவர்கள் இதைவிடக் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் வாசகர் யார் என்று கேட்டது நீங்கள் மட்டும்தான். பெரும்பாலும் இலங்கைத் தமிழர்" என்று எழுதியிருந்தார்கள். முழு வேலையையும் கொடுக்கவில்லை. முதல் 2,000 சொல்லுக்கு மட்டும் பணம் போட்டார்கள், பார்த்துவிட்டு மீதியைத் தருவதாகச் சொன்னார்கள். கட்டமாகப் பிரித்துக் கேட்டதால்தான் அப்படியொரு நடுவழி அவர்களுக்குக் கிடைத்தது. இப்போது அவள் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இந்த வேலை தேடுகிறதென்றால், அடுத்த கடிதத்தை அனுப்பு முன் ஒரு முறை வாங்கி வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வரி வேலை தருபவரின் வேலையைப் பற்றியதா? எது அடங்கும், எது அடங்காது என்று இருக்கிறதா? கைக்கு வரும் காசை மணித்தியாலத்தால் பிரித்துப் பார்த்ததா? இல்லையென்றால் அந்தக் கனெக்ட்ஸை இன்றைக்குச் செலவழிக்க விடாதீர்கள்.