ஆடிட்டருக்கு ஒரு கடிதம், மூன்று என்ட்ரிகள்

மேல்விஷாரத்தில் பெரிய டேனரிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் தோல் ஃபினிஷிங் செய்துதரும் ஒரு சிறிய கூட்டு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் அதன் முதலாளி ஆடிட்டருக்கு எழுதுவது இவ்வளவுதான்: "சார், பேங்க் ஸ்டேட்மென்ட் வைத்திருக்கிறேன். சில என்ட்ரி புரியவில்லை. பார்த்துச் சொல்லவும்." இரண்டு நாள் கழித்து ஆடிட்டர் கேட்பார்: "எந்த என்ட்ரி பாய்?"

ஆடிட்டர் கையில் இருப்பதும் அதே ஸ்டேட்மென்ட்தான். பில் புக்கோ முதலாளியிடம் இருக்கிறது. அதனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு என்ட்ரியையும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முதல் என்ட்ரி, 7ஆம் தேதி 1,03,000 ரூபாய் வரவு. பில் போட்டதோ 1,05,000. குறையும் 2,000 எங்கே போனது? பில்லில் கூலி 1,00,000, ஜிஎஸ்டி 5,000. கூலியில் சரியாக 2 சதவீதம் குறைகிறது என்றால் பார்ட்டி டிடிஎஸ் பிடித்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். எனவே கடிதத்தில் இப்படி எழுதலாம்: "7ஆம் தேதி வரவு 1,03,000, பில் எண் 41 (நகல் இணைப்பு). குறையும் 2,000 டிடிஎஸ் என நினைக்கிறேன். நம் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா?" பார்ட்டி காலாண்டு ரிட்டர்ன் போட்ட பிறகுதான் அது தெரியும் என்பதால், உடனே 'இல்லை' என்று பதில் வந்தாலும் பதற வேண்டாம்.

இரண்டாவது, 12ஆம் தேதி 590 ரூபாய் பற்று, `CHQ RTN CHGS`. புரியாத சிறு தொகைகளை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் அநேகமாக அது 18 சதவீத ஜிஎஸ்டியோடு பிடித்த வங்கிக் கட்டணம். இங்கே 500 வருகிறது. "இது என்ன?" என்று கேட்கத் தேவையே இல்லை. "செக் திரும்பியதற்கான கட்டணம் 500, ஜிஎஸ்டி 90. இந்த 90க்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாமா? வங்கியிடம் இன்வாய்ஸ் வாங்கித் தரவா?" இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, 19ஆம் தேதி நெஃப்ட்டில் வந்த 64,000. எந்தப் பில்லோடும் ஒத்துப்போகவில்லை. அனுப்பியது யார் என்று ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்? யுடிஆர் எண்ணைக் கொடுத்து வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி அது. கடிதத்தில் "64,000 பற்றி வங்கியில் கேட்டிருக்கிறேன், பதில் வரும்வரை சஸ்பென்ஸில் வையுங்கள்" என்ற தகவல் மட்டும் போதும். ஆனால் அங்கேயே மறந்துவிடக் கூடாது. விளக்கம் சொல்ல முடியாத வரவை வருமானமாகவே எடுத்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. யாரோ கொடுத்த அட்வான்ஸுக்கு வரி கட்ட நேரலாம்.

ஆக, புதிய கடிதத்தில் இருப்பவை மூன்று கேள்விகள், ஒரு தகவல். தேதியும் தொகையும் பில் எண்ணும் கூடவே இருப்பதால், ஆடிட்டர் ஸ்டேட்மென்ட்டில் தேடாமலே பதில் எழுதிவிடலாம்.