இரண்டு கோப்பைகளும் ஒரு வரிசையும்

ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளப் பக்கம் வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வரும். கொழுந்து மெதுவாக வளரும், தேயிலையில் மணம் ஏறும். சுவைமேசையில் வேலை கடினமாவதும் அந்த மாதங்களில்தான். மழைக்காலத்தில் நல்லதும் சுமாரானதும் தூரத்திலேயே பிரிந்து தெரியும். பருவத்தில் ஸ்டோரிலிருந்து வரும் மாதிரிகள் எல்லாமே நல்லவை, வேறுபாடோ நூலிழை. இருபது கோப்பையை வைத்து, பிடித்த வரிசையில் அடுக்கு என்றால் கைதேர்ந்த நாக்கும் திணறும். இரண்டை மட்டும் வைத்து இதில் எது மேல் என்று கேட்டால் புதிதாக வேலைக்கு வந்தவரும் சொல்லிவிடுவார். ஆகவே இரண்டிரண்டாகக் கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து முழு வரிசையைக் கட்டுவது நியாயமான வழி. ஆனால் கட்டும்போது எந்தக் கேள்விகளைத் தேவையில்லை என்று விடுகிறோமோ, அவற்றில்தான் அப்படியொரு வரிசை உண்மையில் இருக்கிறதா என்ற செய்தி கிடக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மதிப்பெண் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது முதலில் எழும் கேள்வி. பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று எழுதிவிட்டால் வரிசை தானாக வந்துவிடுமே? வரும், ஆனால் அதை நம்ப முடியாது. முதல் கோப்பைக்குக் கொடுத்த எண் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிடுகிறது. பதினைந்தாவது கோப்பையை அடையும்போது, ஏழு என்பதற்குக் காலையில் இருந்த பொருள் மாறிப்போயிருக்கும். ஒருவருடைய ஏழு இன்னொருவருடைய ஆறு. வேறுபாடு பெரிதாக இருந்தால் இதெல்லாம் பொருட்டில்லை. பருவத் தேயிலையில் அந்த வேறுபாடே அரை மதிப்பெண்தான் என்பதால் அளவுகோலின் ஆட்டம் அதை விழுங்கிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கோப்பைக்கு அளவுகோல் வேண்டாம், ஒன்றுக்கு மற்றதே அளவு.

அதற்கு இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒரே கிரேட், அதாவது பிஓபியோடு பிஓபிதான், பிஓபிஎஃப் அல்ல. தேநீர் தயாரிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3103 சொல்வதுபோல் 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடிய பாத்திரத்தில் 6 நிமிடம். இரண்டுக்கும் ஒரே நீர், ஒரே சூடு. கடுஞ்சாயம் ஆறினால் கலங்கும், கலங்கியதைப் பார்த்த கண் நாக்கையும் ஏமாற்றும். ஒன்று ஆறி மற்றது சூடாக இருந்தால் அங்கே நடப்பது தேயிலை ஒப்பீடே அல்ல.

இருபது மாதிரியில் 190 ஜோடிகள் உண்டு. அத்தனையையும் ஒரு நாக்கால் ஒரு காலையில் தாங்க முடியாது, துவர்ப்பு ஏறி ஏறி நாக்கு மரத்துவிடும். அதனால் சிக்கனம் தேடுகிறோம். எளிய சிக்கனம் இடைச்செருகல். ஏற்கெனவே அடுக்கியவற்றின் நடுவில் நிற்பதோடு புதியதை ஒப்பிடு. மேல் என்றால் மேல்பாதியின் நடுவோடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. இப்படியே போனால் இருபதாவது மாதிரிக்கும் ஐந்து ஒப்பீட்டுக்கு மேல் தேவைப்படாது, மொத்தம் 69க்குள் முடிந்துவிடும். 190 எங்கே, 69 எங்கே! மிச்சமான 121 ஜோடியைப் பற்றி நாம் எதுவும் கேட்கவில்லை. அ ஆவைவிட மேல், ஆ இயைவிட மேல், ஆகவே அ இயைவிட மேல் என்று ஊகித்துக்கொண்டோம். எடைக்கும் உயரத்துக்கும் அந்த ஊகம் தவறாது. விருப்பத்துக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஆறு மாதிரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். க, ச, ட, த, ப, ம. பதினைந்து ஜோடியையும் ஒருவரிடம் கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். க மற்ற ஐந்தையும் வென்றது. ச, ட, த மூன்றும் பவையும் மவையும் வென்றன. ப மவை வென்றது. இதுவரை சிக்கலே இல்லை. நடு மூன்றில் மட்டும் ச டவை வென்றது, ட தவை வென்றது, த சவை வென்றது. வெற்றிக் கணக்கு 5, 3, 3, 3, 1, 0. இங்கே முழு வரிசை கிடையாது. முதலும் கடைசி இரண்டும் உறுதி, நடுவில் ஒரு வட்டம். இதே மனிதரிடம், இதே பதில்களோடு, இடைச்செருகல் முறையில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ச-ட, ட-த என்ற இரண்டை மட்டும் கேட்டிருந்தால் ச, ட, த என்று வரிசை வந்திருக்கும். ட-த, த-ச என்று கேட்டிருந்தால் ட, த, ச. த-ச, ச-ட என்றால் த, ச, ட. எந்த மாதிரி முதலில் மேசைக்கு வந்தது என்ற தற்செயல் இரண்டாம் இடத்தைத் தீர்மானித்திருக்கும். கேட்டவருக்கோ ஐயமே வந்திராது, ஏனெனில் மூன்றிலும் வரிசை முரணின்றி அழகாக வந்து நிற்கும். முரண் வர ஒரு ஜோடி கூடுதலாக வேண்டும். சிக்கன முறை விட்டுவிடுவது அந்த ஜோடியைத்தான்.

இந்த வட்டங்களை எண்ணும் வழியை கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் 1940இல் எழுதினார்கள். ஒவ்வொரு மாதிரியின் வெற்றிகளிலிருந்தும் எத்தனை ஜோடி அமைக்கலாம் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை மொத்த மும்மைகளிலிருந்து கழிக்க வேண்டும். ஆறு மாதிரியில் 20 மும்மைகள். ஐந்து வெற்றியில் 10 ஜோடி, மூன்று வெற்றியில் 3 ஜோடி, அது மூன்று முறை, ஆக 19. மீதி 1, அதாவது ஒரே ஒரு வட்டம். ஆறு மாதிரியில் அதிகம்போனால் எட்டு வட்டம் வரலாம். ஒன்று என்றால் அவர் நாக்கு தெளிவாக இருக்கிறது. ஆறு ஏழு என்றால் அவர் குத்துமதிப்பாகச் சொல்கிறார், அல்லது அந்த ஆறு மாதிரிக்குள் பிரித்தறிய ஒன்றுமில்லை.

வட்டம் கவனக்குறைவால் வருவது, மறுபடி கேட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. சோர்வால் வரும் வட்டமும் உண்டு. ஆனால் ஒருவர் முழுக் கவனத்தோடு இருந்தாலும் வட்டம் வரும், திம்புள்ளத் தேயிலையில் அதற்குக் காரணம் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. மணம், சாயத்தின் பளபளப்பு, திடம் மூன்றையும் பார்த்துத்தான் மேல் கீழ் சொல்கிறோம். ச மணத்தில் முதல், சாயத்தில் இரண்டு, திடத்தில் கடைசி. ட திடத்தில் முதல், மணத்தில் இரண்டு, சாயத்தில் கடைசி. த சாயத்தில் முதல், திடத்தில் இரண்டு, மணத்தில் கடைசி. எந்த இரண்டை எடுத்தாலும் இரண்டு குணத்தில் முந்தியதே மேல் என்று சொன்னால், ச டவையும், ட தவையும், த சவையும் வெல்லும். பிழை எதுவும் நடக்கவில்லை. மூன்று திசையில் விரியும் விருப்பத்தை ஒரே கோட்டில் நிறுத்தப் பார்த்தோம், அவ்வளவுதான்.

இரண்டு வகை வட்டத்தையும் பிரித்தறிய வழி உண்டு. சற்று நேரம் விட்டு, கோப்பையை இடம் மாற்றி, பெயர் தெரியாமல் அதே மூன்று ஜோடியைத் திரும்பக் கேட்க வேண்டும். பதில் இங்குமங்கும் மாறினால் அந்த மூன்றும் அவருக்குச் சமம், வட்டம் வெறும் சத்தம். அதே பதில்கள் அப்படியே திரும்பி வந்தால் குணங்கள் மோதுகின்றன. முதல் வகையில் மூன்றையும் ஒரே இடத்தில் கட்டிவைப்பது நேர்மை. இரண்டாம் வகையில் அதுவும் போதாது, எந்தக் குணத்துக்காக எது என்று எழுதியாக வேண்டும். பாலூற்றிக் குடிப்பவருக்கு அனுப்பும் சரக்கானால் திடம் முன்னால் நிற்கட்டும், வெறுஞ்சாயம் குடிப்பவருக்கானால் மணம். யாருக்காக என்று முதலில் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டால் வட்டம் அவிழும்.

எப்படியும் மூன்று மாதிரிதானே கொழும்புக்குப் போகும், ஒரு வரிசை கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்ற மறுப்புக்கு வலு இருக்கிறது. எல்லா ஜோடியையும் கேட்க நேரமும் இல்லை, நாக்கும் இல்லை. ஆகவே 190ஐயும் கேள் என்று நான் சொல்லமாட்டேன். மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கைத் திருப்பிச் செலவிடு என்பதே என் கட்சி. இடைச்செருகலில் ஒரு வரிசை வந்ததும், அதில் அடுத்தடுத்து நிற்கும் 19 ஜோடியையும் இடம் மாற்றி இன்னொரு முறை கேட்க வேண்டும். அவை முதல் சுற்றிலேயே நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டிருக்கும், இல்லையென்றால் அடுத்தடுத்து நின்றிருக்க முடியாது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும் 18 ஜோடி. அவற்றில் சில முதல் சுற்றில் வந்திருக்கும், வராதவற்றைக் கேட்டால் வட்டம் இருந்தால் வெளிப்படும். மொத்தம் 106ஐத் தாண்டாது, இரண்டு காலையில் முடித்துவிடலாம். முதலாவதையும் இருபதாவதையும் ஒப்பிடுவதில் பயனில்லை, பதில் கேட்குமுன்பே தெரியும். ஐயம் இருக்கும் இடத்தில்தான் கேள்வியைச் செலவிட வேண்டும்.

இடம் மாற்றிக் கேட்பதால் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் குடித்த கோப்பையின் துவர்ப்பு இரண்டாவதன் மீது படியும், அதனால் சிலருக்கு எப்போதும் இரண்டாவது மேலாகத் தோன்றும், சிலருக்கு முதலாவது. 19 ஜோடியும் இரு திசையிலும் குடிக்கப்பட்டதால் 38 பதில்கள் கையில் இருக்கும். தேயிலையின் குணம் இரு பக்கமும் சமமாகக் கழிந்துவிடும். இரண்டாம் கோப்பை வென்றவை 19ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 30ஐத் தொட்டால் அங்கே வென்றது கோப்பையின் இடம், அந்தப் பதில்களை வைத்து எந்த வரிசையும் கட்டக் கூடாது.

ஒரே ஜோடியைப் பலமுறை, பலரிடம் கேட்க முடிந்தால் வரிசையோடு இடைவெளியும் கிடைக்கும். 1929இல் செர்மெலோ சதுரங்கப் போட்டிக்காகச் செய்ததும், 1952இல் பிராட்லியும் டெர்ரியும் மறுபடி கண்டதும் ஒரே கருத்துதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம் உண்டு, இரண்டு மோதும்போது வெற்றி அந்தப் பலங்களின் விகிதத்தில் பிரியும். ச டவை நான்கில் மூன்று முறை வென்றால் விகிதம் 3க்கு 1. ட பவை மூன்றில் இரண்டு முறை வென்றால் 2க்கு 1. அப்படியானால் ச பவை 6க்கு 1 என்று, ஏழில் ஆறு முறை வெல்ல வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பதே இந்த முறையின் அருமை. கேட்டபோது பாதிக்குப் பாதி என்று வந்தால், ஒரே பலம் என்ற கருத்து அந்தத் தேயிலைகளுக்குப் பொருந்தவில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் எப்போதும் வென்ற கவுக்கு இந்தக் கணக்கு முடிவில்லாத பலத்தைக் கொடுக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் இரு பக்கமும் அரை வெற்றியைக் கற்பனையாகச் சேர்த்தால் அது அடங்கும்.

பலரிடம் கேட்கும்போது பதில்களை உடனே கூட்டிவிடுவது இன்னொரு பொறி. மூன்று பேர், ஒருவரிடமும் வட்டமில்லை. ஒருவர் ச, ட, த என்கிறார், அடுத்தவர் ட, த, ச, மூன்றாமவர் த, ச, ட. பெரும்பான்மையை எண்ணினால் ச டவையும், ட தவையும், த சவையும் இரண்டுக்கு ஒன்று என்று வெல்லும். 1785இல் கொண்டோர்செ வாக்குகளில் கண்டது இதுதான். கூட்டிய தாளை மட்டும் பார்ப்பவர் சுவைஞர்கள் குழம்பியிருக்கிறார்கள் என்று நினைப்பார். உண்மையில் மூவரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், மூவருக்கும் வேறு வேறு தேயிலை பிடிக்கிறது. ஆகவே ஒவ்வொருவர் தாளிலும் வட்டங்களைத் தனியாக எண்ணிவிட்டு அதன் பிறகே கூட்ட வேண்டும். கொழும்புக்குப் போகும் குறிப்பிலும் க முதலாவது, அதன் கீழே ச, ட, த ஒரே அடைப்புக்குள், ஒவ்வொன்றின் எதிரே அது முந்திய குணம், பிறகு ப, ம என்று எழுதினால் போதும்.